41-ஆவது வரி: ஒரு வார்டு பொறுப்பு ஒப்படைப்பில் விட்டுப்போனது

நான் பொறுப்பேற்ற வார்டின் ஒப்படைப்புக் குறிப்பு மூன்று முழுநீளத் தாள்கள். கார்பன் வைத்து எழுதிய நகல் என்னிடம் இருந்தது, மூலப் பிரதி மேட்ரன் அலுவலகத்துக்குப் போயிருந்தது. மொத்தம் 67 வரிகள். அதில் 23-ஆவது வரி இப்படி இருந்தது: "பெட்பேன், ஸ்டீல், 14 (2-க்கு மூடி இல்லை, 1 அடியில் நசுங்கியது)." 41-ஆவது வரி: "டெஃபிபிரிலேட்டர், 1, நல்ல நிலை." கடைசித் தாளின் அடியில் "சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மூடி இல்லாத பெட்பேனைப் பற்றி அடைப்புக்குறிக்குள் எழுத இடம் இருந்த தாளில், துடிக்காமல் நடுங்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷினைப் பற்றி "நல்ல நிலை" என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. நான் பொறுப்பேற்ற 19-ஆம் நாள் இரவில் அந்த இரண்டு சொற்களும் பொய்யாகிப்போயின. எழுதிய பழைய இன்சார்ஜ் அக்கா பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தவரை அந்த மெஷின் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. எப்படி என்பதுதான் இந்த ஆய்வு.

ஒப்படைத்த நாள்

ஓர் அரசு மருத்துவமனையின் ஆண்கள் பொது மருத்துவ வார்டு. கட்டில் 36, நோயாளிகள் சராசரியாக ஐம்பது பேர். அதே தளத்தின் மறுகோடியில் தீவிர சிகிச்சைப் பிரிவான ஐ.எம்.சி.யு. பழைய இன்சார்ஜ் சிஸ்டர் ஏழு வருடம் அந்த வார்டை நடத்தியவர். இடமாற்ற உத்தரவு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது, மாலைக்குள் அவர் விடுவிக்கப்பட வேண்டும். எனக்கும் அவருக்கும் கிடைத்தது நான்கு மணி நேரம்.

அதில் மூன்று மணி நேரம் துணி எண்ணினோம். பெட்ஷீட், ரப்பர் ஷீட், போர்வை, தலையணை உறை. சலவைக்குப் போனது எத்தனை, கிழிந்து, கண்டம் செய்து கழிக்கக் காத்திருப்பது எத்தனை, ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருப்பது எத்தனை. மூன்றும் ஒத்துவரும்வரை விடவில்லை. வெளியாள் பார்த்தால் இது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் அரசு வார்டில் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர்தான் அங்குள்ள ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர். தணிக்கையில் குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஓய்வு பெறும்போது நிலுவை இல்லை என்ற சான்று கிடைக்காமல் இழுத்தடிக்கும். பத்து போர்வைக்காகப் பென்ஷன் தாமதமான சீனியர்களின் கதை எல்லா மருத்துவமனையிலும் உண்டு. அதனால் ஒப்படைக்கும் குறிப்பு எழுதுகிற கை, தானாகவே தணிக்கைக்காரரை மனதில் வைத்து எழுதுகிறது. தணிக்கைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பொருள் இருக்கிறதா, எத்தனை?

துணி முடிந்து மெஷின்களுக்கு வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. டிரீட்மெண்ட் ரூம் கதவோரம் எமர்ஜென்சி டிராலி நின்றது. அதன் மேல்தட்டில் டெஃபிபிரிலேட்டர், அதன் பிளக் சுவரில். அந்தப் பிளக் பாயிண்டைச் சுற்றிச் சுவரில் பச்சை டேப் ஒட்டியிருந்தது. டிராலியின் பக்கவாட்டுக் கொக்கியில் ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், சுருட்டி, துணிக்கிழிசலால் கட்டித் தொங்கியது. அக்கா ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார், திரை வந்தது. "பேட்டரி கொஞ்சம் அப்படித்தான், பாத்துக்கங்கம்மா" என்றார். நான் "சரிக்கா" என்றேன். அந்த நேரம் பார்த்து ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒரு கேஸ் ஷீட் கேட்டு அழைத்தார். திரும்பி வந்தபோது நாங்கள் 42-ஆவது வரிக்குப் போய்விட்டோம்.

அந்த வாக்கியம் எனக்கு நினைவுக்கு வந்தது 19 நாள் கழித்துத்தான்.

இடையில் நான் செய்தவை

இதை முழுதாகச் சொல்லாவிட்டால் ஆய்வு அரைகுறையாகிவிடும். அடுத்த மாதம் மருத்துவமனைச் சுத்தத்துக்கான காயகல்ப் மதிப்பீட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. வார்டைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் காட்ட வேண்டும். முதல் வாரத்திலேயே எமர்ஜென்சி டிராலியை டிரீட்மெண்ட் ரூமிலிருந்து எடுத்து, வார்டின் நடுவில் நர்சிங் ஸ்டேஷன் பக்கம் கொண்டுவந்து வைத்தேன். எந்தக் கட்டிலுக்கும் சம தூரம், கண்ணுக்கும் தெரியும். படித்த பாடத்தின்படி அது சரியான இடம். கொக்கியில் தொங்கிய எக்ஸ்டென்ஷன் வயர் அழுக்கேறியிருந்தது. அதை அவிழ்த்து ஸ்டோர் ரூமில் போட்டேன்.

அதே மாதம் இடமாறுதல் கவுன்சிலிங்கில் வார்டின் இரண்டு மூத்த ஸ்டாஃப் நர்ஸ்களும் வேறு ஊர் வாங்கிக்கொண்டு போனார்கள். புதிதாக வந்த இருவருக்கும் என்னைப் போலவே அந்த வார்டு புதிது.

தினசரிச் சோதனை மட்டும் தவறவில்லை. காலை டூட்டி மாறும்போது மெஷினை இயக்கி, மார்பில் வைத்து ஷாக் கொடுக்கும் பேடில்களை அதனதன் கூட்டில் வைத்தபடியே 30 ஜூலுக்குச் சார்ஜ் செய்து, உள்ளேயே டிஸ்சார்ஜ் செய்து பார்ப்பார்கள். அச்சாகி வரும் சின்னத் தாளை ரிஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். பத்தொன்பது நாளும் தாள் ஒட்டியிருக்கிறது, பத்தொன்பதிலும் பாஸ்.

அந்த இரவு

நேரங்கள் மானிட்டரின் பதிவிலிருந்தும் டூட்டி நோட்ஸிலிருந்தும் எடுத்தவை. 22-ஆம் கட்டிலில் அறுபதை ஒட்டிய ஒருவர். மாரடைப்புக்கு ஐ.எம்.சி.யு-வில் சிகிச்சை முடிந்து முந்தின நாள் மாலை வார்டுக்கு மாற்றப்பட்டவர். மானிட்டரில் இருந்தார்.

3:20-க்கு அலாரம். வி.எஃப். என்று ஒரே பார்வையில் தெரிகிற அலை. இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. இதற்கு மருந்து ஷாக்தான். முதல் சிஸ்டர் தாமதிக்காமல் கட்டிலில் ஏறி மார்பை அழுத்தத் தொடங்கினார். இரண்டாவது சிஸ்டர் பிளக்கைப் பிடுங்கி டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹவுஸ் சர்ஜனும் ஓடி வந்துவிட்டார்.

3:21-க்கு ஜெல் தடவி, பேடில் வைத்து, 200 ஜூலுக்கு வைத்து சார்ஜ் பொத்தானை அழுத்தினார்கள். சத்தம் ஏறியது. எண் பாதி வழி வந்தது. திரை இருண்டது. மறுபடி இயக்கினால் ஒரு நொடி LOW BATTERY என்று வந்து மறுபடி இருட்டு.

சிஸ்டர் பிளக்கை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அந்தக் கட்டிலின் போர்டில் வேலை செய்த ஒரே பிளக்கில் மானிட்டர் இருந்தது. பக்கத்தில் இருந்ததில் கரண்ட் இல்லை. மானிட்டரைப் பிடுங்கிவிட்டு அங்கே சொருகப் பார்த்தார். டிராலி நின்ற பக்கத்திலிருந்து வயர் எட்டவில்லை, சுற்றிக்கொண்டு வர இரண்டு கட்டிலுக்கு இடையில் தரையில் ஒரு நோயாளி படுத்திருந்தார். அவரை எழுப்பி நகர்த்துவதற்குள், போனில் சொல்லி ஐ.எம்.சி.யு மெஷினை அட்டெண்டர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் ஷாக் 3:26-க்கு. இரண்டாவது 3:28-க்கு. நாடி வந்தது.

ஆறு நிமிடம். மருத்துவமனைக்குள் கண் முன்னால் நடக்கிற வி.எஃப்-க்கு இரண்டு நிமிடத்துக்குள் முதல் ஷாக் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. மார்பை அழுத்தாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். நன்றாக அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு 3, 4 சதவீதமாக மெதுவாகும். அந்த ஆறு நிமிடமும் சிஸ்டரும் ஹவுஸ் சர்ஜனும் மாறி மாறி அழுத்தினார்கள், ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அவர் பிழைத்ததற்கு அதுதான் காரணம். மீண்டும் ஐ.எம்.சி.யு-வுக்குப் போய், பதினோராம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். வார்டை விட்டுப் போகும்போது அவருடைய மனைவி அந்த சிஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். மெஷின் விஷயம் அந்தக் குடும்பத்துக்கு மருத்துவ அதிகாரி முன்னிலையில் நான்தான் சொன்னேன்.

காலையில் மெஷின் என்ன சொன்னது

விடிந்ததும் நான் வந்து முதலில் செய்தது தினசரிச் சோதனை. மெஷினைச் சுவரில் சொருகி 30 ஜூலுக்கு வைத்தேன். பாஸ். தாளும் வந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் அழுதுவிட்டார். "நான் பொய் சொல்றேன்னு நெனப்பாங்க சிஸ்டர், நைட்ல இது ஆஃப் ஆச்சு."

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 30 ஜூல் வைத்தேன். அதுவும் பாஸ். 200 வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போய், திரை இருண்டது.

நடந்தது இதுதான். டெஃபிபிரிலேட்டரின் திரைக்குத் தேவையான மின்சாரம் மிகக் குறைவு. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் திரையை எரியவைத்துவிடும். ஆனால் ஷாக்குக்காக உள்ளே இருக்கும் கபாசிட்டரை ஐந்தாறு நொடியில் நிரப்ப வேண்டுமானால் பேட்டரியிலிருந்து ஒரேயடியாக நிறைய கரண்ட் இழுக்க வேண்டும். வலுவிழந்த பேட்டரியில் அந்த நொடி வோல்டேஜ் சரிந்து மெஷினே அணைந்துவிடும். 30 ஜூல் சின்னச் சுமை, தப்பித்துவிடும். பிளக்கில் இருக்கும்போது எங்கள் மெஷினுக்குச் சுவரிலிருந்தே மின்சாரம் கிடைத்துவிடுவதால் பேட்டரியின் நிலையே வெளியே தெரியாது. எங்கள் பத்தொன்பது சோதனையும் பிளக்கில் வைத்தபடியே செய்தவை. அதாவது பத்தொன்பது நாளும் நாங்கள் சோதித்தது சுவரில் கரண்ட் வருகிறதா என்பதை மட்டும்தான். ரிஜிஸ்டரில் தேதிக்கு, நேரத்துக்கு, தாளுக்கு, கையெழுத்துக்கு என்று பத்தி இருந்தது. பிளக்கை எடுத்தாயா என்று கேட்கும் பத்தி இல்லை.

டிரீட்மெண்ட் ரூமில் மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. நான் தினமும் திறக்கும் கதவு. பயோமெடிக்கல் பிரிவில் கொடுத்த புகார் எண், நான்கு மாதத்துக்கு முந்திய தேதி, கீழே "பேட்டரி மாற்றணும், வரும்" என்று அக்காவின் கையெழுத்து.

அக்கா சொன்னது

அன்று மதியம் போன் செய்தேன். குறை சொல்வதற்காக இல்லை, அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. விஷயத்தைக் கேட்டதும் முதலில் "ஆள் எப்படிம்மா இருக்காரு?" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பேட்டரி போனது தெரிந்ததும் புகார் கொடுத்தார். என்ஜினியர் வந்து பார்த்து, மாற்ற வேண்டும், வரவழைக்க நாளாகும் என்றார். அதுவரை வார்டு சும்மா இருக்க முடியாதே. அதனால் மெஷினை ஜெனரேட்டர் லைனில் இருந்த ஒரே பிளக்குக்குக் கொண்டுபோனார். கரண்ட் போனாலும் அது உயிரோடு இருக்கும், அந்தப் பச்சை டேப்பின் பொருள் அதுதான். எமர்ஜென்சி வந்தால் டிராலியோடு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். 20-க்கு மேற்பட்ட கட்டில்களுக்கு அந்த வயரும் எட்டாது, அங்கே அலாரம் அடித்த உடனே, மெஷினைத் தொடும் முன்பே, ஐ.எம்.சி.யு-வுக்கு போன் போக வேண்டும். இதை எல்லா ஸ்டாஃபுக்கும் சொல்லிப் பழக்கியிருந்தார். நான்கு மாதத்தில் இரண்டு தடவை அந்த ஏற்பாடு வேலையும் செய்திருக்கிறது.

"ஏன்க்கா எழுதல?" என்று கேட்டேன்.

"எழுதணும்னே தோணலம்மா. வார்டுல எல்லாருக்கும் தெரியுமே."

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது சாக்கு இல்லை. நான்கு மாதம் தினமும் செய்த ஒன்று அவருக்குச் செய்தியாகவே இல்லாமல் போய்விட்டது. அந்தச் செய்தி மெஷினில் இல்லை, தாளில் இல்லை. ஒரு பச்சை டேப்பிலும், ஒரு கொக்கியிலும், நான்கைந்து பேரின் தலையிலும் இருந்தது. அந்தத் தலைகள் ஒரே மாதத்தில் ஊர் மாறிப் போயின. கொக்கியை நான் காலி செய்தேன். டேப் மட்டும் யாருக்கும் எதுவும் சொல்லாமல் டிரீட்மெண்ட் ரூம் சுவரில் இருந்தது.

அவர் பக்கம் ஒரு தவறு உண்டு என்று அவரிடமே சொன்னேன், அவரும் மறுக்கவில்லை. பேட்டரி போன டெஃபிபிரிலேட்டர் "கொஞ்சம் அப்படித்தான்" இருக்கிற மெஷின் இல்லை, பழுதான மெஷின். அதன் மேல் சிவப்பு அட்டை தொங்கியிருக்க வேண்டும். புகார் நான்கு மாதம் நகரவில்லை என்பது எழுத்தில் மேலே போயிருக்க வேண்டும். நல்ல இன்சார்ஜ் என்று பெயர் எடுத்தவர்கள் செய்கிற தவறு இது: குறையைத் தங்கள் சாமர்த்தியத்தால் மூடிவிடுவார்கள். மூடியது அவ்வளவு நன்றாக இருப்பதால் குறை அங்கே இருப்பதே மேலே யாருக்கும் தெரியாது. ஒப்படைப்புக் குறிப்பில் "நல்ல நிலை" என்று எழுதும்போது அந்த மூடியும் சேர்ந்தே ஒப்படைக்கப்படுகிறது.

என் பக்கத் தவறும் அதே அளவு பெரியது. ஒரு கொக்கியில் வயர் கட்டித் தொங்கினால், யாரோ ஒருவர் காரணத்தோடுதான் கட்டியிருப்பார். அதை அவிழ்க்கும் முன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க ஆளும் இருந்தது, போன் எண்ணும் இருந்தது.

குறிப்பைத் திரும்ப எழுதியது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா விடுமுறையில் வந்தார். வர வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. இருவரும் அந்த மூன்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த முறை எண்ணாமல், வார்டைச் சுற்றி நடந்தோம். எங்கே டேப் ஒட்டியிருக்கிறதோ, எங்கே கயிறு கட்டியிருக்கிறதோ, எங்கே அட்டை மடித்துச் சொருகியிருக்கிறதோ அங்கெல்லாம் நின்று, இது எதற்கு என்று கேட்டேன். அப்படிப் பதினொன்று இருந்தன. பதினொன்றில் நான்கு பழைய கதை, இப்போது தேவையில்லை. ஏழு இன்னும் உயிரோடு இருந்தவை, 67 வரியில் ஒன்றிலும் இல்லாதவை.

41-ஆவது வரிக்குப் பதிலாக நாங்கள் எழுதியது இது:

"டெஃபிபிரிலேட்டர், 1. பிளக்கில் இருக்கும்வரை வேலை செய்யும். பிளக்கை எடுத்தால் 200-க்குச் சார்ஜ் ஏறாது, அணைந்துவிடும். பேட்டரி பழுது, புகார் எண் ரிப்பேர் ரிஜிஸ்டரில், கடைசியாகக் கேட்ட தேதி அதன் பக்கத்தில். பேட்டரி வரும்வரை இடம்: டிரீட்மெண்ட் ரூம், பச்சை டேப் போட்ட பிளக் (ஜெனரேட்டர் லைன்). எக்ஸ்டென்ஷன் வயர் டிராலியின் இடது கொக்கியில். கட்டில் 1 முதல் 20 வரை எட்டும். 21 முதல் எட்டாது, முதலில் ஐ.எம்.சி.யு-வுக்கு போன். இரவு டூட்டிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும்."

பழைய வரியில் இருந்தது இரண்டு சொல், இதில் ஒரு பத்தி. எல்லாப் பொருளுக்கும் இப்படி எழுத முடியாது, எழுதவும் கூடாது. 67 பத்தி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். போர்வைக்கு எண்ணிக்கை போதும், போர்வை நள்ளிரவில் பழுதாகாது. எது நின்றுபோனால் ஓர் ஆள் நிமிடக் கணக்கில் ஆபத்துக்குப் போவாரோ, அதற்கு மட்டும் நீளம் வேண்டும். எங்கள் வார்டில் அது ஐந்தே பொருள்: இந்த மெஷின், சக்‌ஷன், ஆக்சிஜன், எமர்ஜென்சி மருந்துத் தட்டு, இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜ்.

ஆக்சிஜன் வரியும் பழைய தாளில் "சிலிண்டர், பி டைப், 6, நல்ல நிலை" என்றுதான் இருந்தது. சிலிண்டர் காலியாக இருந்தாலும் எண்ணிக்கை ஆறுதான், நிலையும் நல்ல நிலைதான். ஒரு பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிற நோயாளிக்கு அது இரண்டரை மணி நேரம். அதனால் புதிய வரியில், குறைந்தது எத்தனை சிலிண்டர் எப்போதும் நிறைந்து இருக்க வேண்டும், காலியானதை எந்தச் சுவரோரம் தனியாக நிறுத்துவது, சனிக்கிழமை மாலைக்குப் பிறகு நிரப்பியது கிடைக்காது என்பதால் சனிக்கிழமை காலையிலேயே யாரிடம் சொல்வது என்று எழுதினோம். சனிக்கிழமை விஷயம் அக்காவின் தலைக்குள் மட்டும் இருந்த இன்னொன்று.

ஆட்களைப் பற்றி எழுதுவதா என்பதில் எங்களுக்குள் பேச்சு வந்தது. யார் சுறுசுறுப்பு, யார் தாமதமாக வருவார் என்பதெல்லாம் வேண்டாம் என்றேன். அடுத்து வருபவர் தாமே பார்த்துக்கொள்ளட்டும், தாளில் எழுதினால் அந்தப் பெயர் அவர்களை விட்டுப் போகாது. ஆனால் அக்கா ஒன்று சொன்னார், அது சரி என்று பட்டது. கொடுத்த வாக்கை எழுத வேண்டும். ஒரு சிஸ்டருக்கு ஏழாம் மாதம், அவருக்கு இரவு டூட்டி போட மாட்டேன் என்று அக்கா சொல்லியிருந்தார். இன்னொருவருக்குத் தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பு ஒத்துக்கொண்டிருந்தார். இரண்டும் எனக்குத் தெரியாது. முதலாமவருக்கு நான் ஏற்கெனவே இரண்டு இரவு போட்டுவிட்டேன், அவரும் வாய் திறக்காமல் பார்த்திருக்கிறார்.

தினசரிச் சோதனையையும் மாற்றினோம். காலையில் பிளக்கை எடுத்துவிட்டு 30 ஜூல். வாரம் ஒருமுறை, பிளக் இல்லாமல், மெஷினின் மிக உயர்ந்த அளவில் தொடர்ந்து மூன்று தடவை சார்ஜ். பயோமெடிக்கல் என்ஜினியர் சொன்ன முறை இது: முதல் தடவை தேறிவிடுகிற பேட்டரி மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும். எல்லாமே பேடில்கள் கூட்டில் இருக்கும்போது உள்ளேயே டிஸ்சார்ஜ் ஆக வேண்டும். கையில் எடுத்துக் காற்றில் அடிப்பதோ, இரண்டு பேடிலையும் ஒன்றோடொன்று ஒட்டி அடிப்பதோ கூடவே கூடாது. ரிஜிஸ்டரில் "பிளக் எடுத்தது" என்று ஒரு பத்தி கோடு போட்டுச் சேர்த்தோம்.

புதிய பேட்டரி ஐந்து வாரத்தில் வந்தது. நான்கு மாதம் நகராத கோப்பு, இந்தச் சம்பவத்தின் அறிக்கையோடு போனதும் நகர்ந்தது. அந்த ஐந்து வாரமும் ஐ.எம்.சி.யு-வின் உபரி மெஷின் ஒன்று எங்கள் வார்டில் நின்றது. கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பார்கள் என்று அங்கிருந்த இன்சார்ஜ் சொன்னார்.

நான் ஒப்படைத்தபோது

மூன்று வருடம் கழித்து எனக்கும் இடமாற்றம் வந்தது. அதே நான்கு மணி நேரம்தான். இந்த முறை துணியைக் கடைசிக்குத் தள்ளினேன். முதல் ஒரு மணி நேரம் அந்த ஐந்து பொருள். அடுத்து வந்த சிஸ்டர் என்னைவிட இளையவர். டெஃபிபிரிலேட்டர் பக்கம் வந்ததும் நான் காட்டவில்லை, அவரையே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். 200 வைத்து அவரே சார்ஜ் செய்தார். எண் முழுதாக ஏறி, சத்தம் ஒரே சீராக நின்றது. உள்ளே டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, தாளைக் கிழித்து ரிஜிஸ்டரில் ஒட்டினார். ரவுண்ட்ஸ் நேரம் வந்தபோது டாக்டரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன், கொடுத்தார்.

பிறகு வார்டைச் சுற்றி நடந்தோம். டேப், கயிறு, அட்டை எல்லாவற்றுக்கும் குறிப்பில் வரி இருந்தது, ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஃபிரிட்ஜ் பக்கம் நின்றார்.

"இந்த ஸ்விட்ச் மேல ஏன்க்கா மூடி ஒட்டியிருக்கு?"

நான் தாளைப் பார்த்தேன். ஃபிரிட்ஜுக்கு நீளமாகவே எழுதியிருந்தேன்: 2 முதல் 8 டிகிரிக்குள், தெர்மாமீட்டர் எங்கே, கதவு ரப்பர் எப்போது மாற்றியது. ஸ்விட்ச் மூடியைப் பற்றி எதுவும் இல்லை. இரவில் போன் சார்ஜ் போட வரும் நோயாளியின் உறவினர்கள் அந்த ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிறகு போட மறந்துவிடுவார்கள். ஒருமுறை இன்சுலின் குப்பிகள் எல்லாமே வீணாயின. அன்றைக்கு ஒரு பழைய மருந்துப் பெட்டியை வெட்டி நான்தான் ஒட்டினேன். ஒட்டி இரண்டு வருடம் ஆகிறது.

பேனாவை வாங்கி, ஃபிரிட்ஜ் வரியின் ஓரத்தில் எழுதினேன். இடம் போதாமல் எழுத்து தாளின் விளிம்பில் செங்குத்தாக ஏறியது. இரண்டு பேரும் அதற்குக் கீழே தனியாகக் கையெழுத்துப் போட்டோம்.